விற்ற அன்றே விழுந்த செலவு

2021 தீபாவளிக்கு முந்தைய வாரம் வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக்கு உளுந்து அரைத்தது, பொங்கலுக்கு வடைமாவு அரைத்தது, நடுவில் வாரம் இருமுறை இட்லிமாவும் அரைத்தது. வைகாசி பிறந்த கையோடு ஒருநாள் சுவிட்சைப் போட்டால் முனகல் மட்டும் வருகிறது, பாத்திரம் சுற்றவில்லை. வீட்டுக்காரர் பில்லைத் தேடி எடுத்து, வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணுக்கு போன் போடுகிறார். மறுநாள் மெக்கானிக் வருகிறார், கண்டென்சரை மாற்றுகிறார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். காசு கேட்கவில்லை.

வீட்டைப் பொறுத்தவரை கதை முடிந்தது. கிரைண்டரைச் செய்து விற்ற கோயம்புத்தூர் கம்பெனியின் கணக்கு அறையில்தான் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கண்டென்சருக்கும் மெக்கானிக் கூலிக்குமாக ஆன 300 ரூபாய் எந்த வருஷத்துச் செலவு? கிரைண்டர் விற்றது அக்டோபரில். அந்த நிதியாண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ரிப்பேர் நடந்ததோ மே மாதம், அடுத்த நிதியாண்டில்.

பணம் மே மாதம்தானே போனது, மே மாதக் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கல்லாப்பெட்டியை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுபவருக்கு அது சரிதான். கம்பெனிக் கணக்கு அப்படி எழுதப்படுவதில்லை. 'இரண்டு வருஷத்துக்குள் பழுதானால் சரிசெய்து தருகிறோம்' என்ற வாக்கும் கிரைண்டரோடு சேர்த்தே விற்கப்பட்டது. வாடிக்கையாளர் கொடுத்த விலையில் அந்த வாக்கின் விலையும் அடக்கம். வாக்குக்கு வாங்கிய காசை இந்த வருஷ வருமானத்தில் சேர்த்துக்கொண்டு, அதைக் காப்பாற்றும் செலவை அடுத்த வருஷத்தின் தலையில் கட்டினால், இந்த வருஷ லாபம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்த வருஷம் தான் செய்யாத விற்பனைக்காகத் தண்டம் கட்டும்.

ஆகவே, விற்ற வருஷத்திலேயே ஒரு தொகையை மதிப்பிட்டுச் செலவாக எழுதிவிடுகிறார்கள். அதே தொகை இருப்புநிலைக் குறிப்பில் கடன்களின் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. இதற்குப் பெயர் வாரண்டி ஒதுக்கு. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு வாரா ஐயக்கடன் ஒதுக்கு நினைவிருக்கும். அதன் ஒன்றுவிட்ட தம்பி இது. 'ஒதுக்கு' என்ற சொல் சிலரை ஏமாற்றிவிடும். ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் பணத்தைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. கம்பெனி இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதுகிற எழுத்துதான் அது. என்ன வித்தியாசம் என்றால், அந்த இன்னார் யார் என்று எழுதும் நாளில் தெரியாது.

எந்தக் கிரைண்டர் கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூற்றில் எத்தனை கெடும் என்பதைப் பத்து வருஷம் தொழில் செய்தவர் ஓரளவு துல்லியமாகவே சொல்லிவிடுவார். வாரண்டிக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. 1998-இல் வெளியான சர்வதேசக் கணக்கியல் தரநிலை 37 இதற்கு ஒரு சின்ன உதாரணம் தருகிறது. ஒரு கம்பெனி ஆறு மாத வாரண்டியோடு பொருள் விற்கிறது. விற்ற எல்லாவற்றிலும் சின்னப் பழுது வந்தால் செலவு 10 லட்சம். எல்லாவற்றிலும் பெரிய பழுது வந்தால் 40 லட்சம். அனுபவப்படி நூற்றுக்கு 75 பொருளில் பழுதே வராது, 20-இல் சின்னப் பழுது, 5-இல் பெரிய பழுது. 10 லட்சத்தில் 20 சதவீதம் 2 லட்சம், 40 லட்சத்தில் 5 சதவீதம் 2 லட்சம். ஆக, ஒதுக்க வேண்டியது 4 லட்சம். தனித்தனிப் பொருளாகப் பார்த்தால் 'இது பெரும்பாலும் கெடாது' என்றுதான் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும், ஒதுக்கு பூஜ்யமாகிவிடும். மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதே அந்த உதாரணத்தின் நோக்கம். இந்தியாவில் பெரிய கம்பெனிகளுக்கான தரநிலை 37-உம், மற்றவர்களுக்கான தரநிலை 29-உம் இதே வழியில்தான் போகின்றன.

இனி நம் கிரைண்டர் கம்பெனி. பெயரில்லாத கற்பனைக் கம்பெனிதான். எண்களும் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவைதான். 2021-22 நிதியாண்டில் அது 20,000 கிரைண்டர்களை, ஒன்று 5,000 ரூபாய் என்று டீலர்களுக்கு விற்றது. மொத்த விற்பனை 10 கோடி. பழைய சர்வீஸ் பதிவுகளைப் புரட்டினால், இரண்டு வருஷ வாரண்டிக் காலத்தில் நூறு கிரைண்டரில் ஐந்து சின்னப் பழுதுக்கு வந்திருக்கின்றன: பெல்ட், கண்டென்சர், சுவிட்ச். மெக்கானிக்கின் போக்குவரத்தும் சேர்ந்து சராசரியாக 300 ரூபாய். இன்னும் இரண்டு பெரிய பழுதுக்கு வந்திருக்கின்றன: மோட்டார் காயில் எரிந்தது, பேரிங் போனது. சராசரி 1,500 ரூபாய். நூறு கிரைண்டருக்கு 1,500-உம் 3,000-உம் சேர்ந்து 4,500 ரூபாய். ஒரு கிரைண்டருக்கு 45 ரூபாய். 20,000 கிரைண்டருக்கு 9 லட்சம்.

இந்த 9 லட்சத்தை வாரண்டிச் செலவு என்று இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்து, வாரண்டி ஒதுக்குக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். ஒரு கிரைண்டருக்கு வெறும் 45 ரூபாய், விற்ற விலையில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மாவு அரைக்கும் இயந்திரத்தில் லாப விகிதம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தவர்கள் இதை அற்பம் என்று சொல்லமாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பலருக்குக் குழப்பம். மெக்கானிக் மாற்றிய அந்தக் கண்டென்சர் இப்போது எங்கே எழுதப்படும்? இலாப நட்டக் கணக்கில் அல்ல. அந்தச் செலவு விற்ற வருஷத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வாரண்டி ஒதுக்குக் கணக்கில் 300 ரூபாய் பற்று. எதிர்ப்பக்கம் உதிரிபாகக் கையிருப்பில் கண்டென்சரின் விலை வரவு, சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்க வேண்டிய கூலி வரவு. கடன்காரர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது, அவருக்குக் கடன் அடைக்கப்பட்டது, அவ்வளவுதான். அந்த நாளின் லாபம் ஒரு பைசாகூடக் குறைவதில்லை.

கம்பெனியின் பேரேட்டில் அந்த 9 லட்சம் எப்படிக் கரைந்தது என்று பார்ப்போம். விற்ற வருஷத்துக்குள்ளேயே 2,10,000 ரூபாய்க்கு ரிப்பேர் வந்துவிட்டது. 2022 மார்ச் 31 அன்று மிச்சம் 6,90,000. அடுத்த வருஷம் 4,60,000 போனது, மிச்சம் 2,30,000. மூன்றாம் வருஷம் 1,40,000. ஆக 2024 மார்ச் 31 அன்று 90,000 ரூபாய் எஞ்சி நிற்கிறது. வாரண்டிக் காலம் முடிந்த பிறகு மிஞ்சியதை ஒதுக்கிலேயே வைத்திருக்கக் கூடாது. தேவைப்படாத தொகை என்று இலாப நட்டக் கணக்குக்குத் திருப்ப வேண்டும்.

முழுவதையும் திருப்பிவிடலாமா? இங்கே அனுபவசாலியான தணிக்கையாளர் ஒரு கேள்வி கேட்பார். கம்பெனி டீலருக்கு விற்ற தேதி வேறு, டீலர் வீட்டுக்கு விற்ற தேதி வேறு. வாரண்டி ஓடத் தொடங்குவது வீட்டுக்காரரின் பில் தேதியிலிருந்து. 2022 மார்ச்சில் டீலர் கடைக்குப் போன பெட்டி, ஆடித் தள்ளுபடி வரை அட்டத்தில் கிடந்திருக்கலாம். அதன் வாரண்டி 2024 ஆடியில்தான் முடியும். கம்பெனியின் புத்தகத்தில் அது 2021-22-இன் விற்பனை. ஆனால் வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. டீலர்களின் இருப்புப் பட்டியலைப் பார்த்து, அப்படித் தாமதமாக விற்ற கிரைண்டர்களுக்காக 20,000 ரூபாயை நிறுத்திக்கொண்டு 70,000-ஐத் திருப்புவதே சரியாக இருக்கும்.

இவ்வளவும் ஒரு தாளின் தயவில் நடக்கிறது. மெக்கானிக் கையெழுத்து வாங்கிய அந்த ஜாப் கார்டுதான். கிரைண்டரின் சீரியல் எண், பில் தேதி, கழற்றிய பாகம், மாற்றிய பாகம் நான்கும் அதில் இருந்தால்தான் இந்த ரிப்பேர் எந்த வருஷ விற்பனையைச் சேர்ந்தது என்று சொல்ல முடியும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மாற்றாத பாகத்துக்குக் காசு கேட்பதைத் தடுக்கலாம், ஏன் கெட்டது என்றும் பார்க்கலாம். சீரியல் எண் இல்லாத கார்டு கணக்கருக்குக் குப்பை.

வரித்துறை இதையெல்லாம் எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அவர்களின் வாதம் கேட்க நியாயமாகவே இருக்கும்: இன்னும் ஒருவரும் ரிப்பேருக்கு வரவில்லை, நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம், வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்புக்கு இன்றைக்கே வரிக்கழிவு எதற்கு? இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன வழக்கு சென்னையில் பிறந்தது.

ரோடார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா என்ற சென்னைக் கம்பெனி, குழாய்ப்பாதைகளில் வால்வுகளைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் கருவிகளை விற்றுவந்தது. வீட்டுச் சாமான் அல்ல, ஆலைகளுக்கான சாமான். ஆனால் வாரண்டியின் தர்க்கம் ஒன்றுதான். பொருத்தி இயக்கிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இவற்றில் எது முந்தியதோ அதுவரை பழுதுக்குக் கம்பெனி பொறுப்பு. (அந்த 18 மாத வரம்பைக் கவனியுங்கள். வாங்கியவர் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் கம்பெனியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன டீலர் அட்டச் சிக்கலுக்கு இதுதான் மருந்து. வீட்டுச் சாமான் விற்பவர்கள் இப்படி நிபந்தனை போட்டால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார்.)

1991-92 மதிப்பீட்டு ஆண்டுக்கு ரோடார்க் எழுதிய ஒதுக்கு 10,18,800 ரூபாய். அதிகப்படியாக ஒதுக்கியது என்று 5,00,246 ரூபாயைத் திருப்பியது. மிச்சமிருந்த 5,18,554 ரூபாய்க்கு வரிக்கழிவு கேட்டது. வரி அதிகாரி மறுத்தார், தீர்ப்பாயம் கம்பெனியின் பக்கம் நின்றது, சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் வரித்துறையின் பக்கம் நின்றது. கடைசியில் 2009 மே 12 அன்று நீதிபதி கபாடியா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாக முடித்தது. ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாயின் மீதான கேள்வி, தீர பதினெட்டு வருஷம் ஆனது. வாரண்டி கொடுத்த ஆக்சுவேட்டர்கள் பலவும் அதற்குள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

தீர்ப்பு ஒரு கணினிக் கம்பெனியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. 36 மாத வாரண்டி தரும் அந்தக் கம்பெனிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ரிப்பேர் நடக்கும்போது செலவு எழுதுவது முதல் வழி. வாடிக்கையாளர் புகார் கொடுத்ததும் ஒதுக்குவது இரண்டாவது. பழைய அனுபவத்தை வைத்து விற்பனையில் ஏறக்குறைய 2 சதவீதம் என்று விற்கும்போதே ஒதுக்குவது மூன்றாவது. முதல் வழி விற்ற வருமானத்தையும் அதற்கான செலவையும் ஒரே வருஷத்தில் சேர்க்காது. இரண்டாவது, புகார் வராத பொறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடும். மூன்றாவதுதான் பொருத்தம் என்றது நீதிமன்றம். வாரண்டி என்பது விற்பனை விலையோடு ஒட்டிப் பிறந்தது. கடந்தகால நிகழ்வு ஒன்று அந்தப் பொறுப்பை உண்டாக்கியிருக்க வேண்டும், பணம் வெளியே போவதற்கு வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும், தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால் அது வெறும் 'வந்தால் பார்க்கலாம்' பொறுப்பு அல்ல. இங்கே கடந்தகால நிகழ்வு, விற்பனை.

கம்பெனிகள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது அதன் பின்பாதியை மறந்துவிடுவது வழக்கம். ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பல வருஷப் பதிவு வேண்டும், போக்கு வேண்டும், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒதுக்கை மறுபடி எடை போட வேண்டும். வாரண்டிக் காலம் முடிந்ததும் பெரும்பகுதி பயன்படாமல் திரும்பி வந்துகொண்டே இருந்தால், மதிப்பீட்டு முறையைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. கணக்கு சரியாக இருந்தால் திருப்ப வேண்டிய தொகை பெரிதாக இருக்காது. நம் கிரைண்டர் கம்பெனியின் 9 லட்சத்தில் 70,000 திரும்பியது பரவாயில்லை ரகம். வருஷா வருஷம் பாதி திரும்பினால் அதிகாரி புருவத்தை உயர்த்துவார், உயர்த்தவும் வேண்டும்.

2016-17 முதல் வரிக் கணக்குக்கென்று வந்த தனித் தரநிலைகள் சொற்களை இன்னும் கொஞ்சம் இறுக்கின. 'வாய்ப்பு அதிகம்' என்பது போய், 'நியாயமான அளவுக்கு நிச்சயம்' என்று ஆனது. ஜாப் கார்டுகளைக் கட்டிவைக்காத கம்பெனிக்கு இது கூடுதல் தலைவலி.

கணக்கு அறையில் நடக்கும் தவறுகளில் மிகச் சாதாரணமானது, ஒரே செலவை இரண்டு முறை எழுதுவது. வருஷக் கடைசியில் தணிக்கையாளர் சொன்னார் என்று ஒதுக்கை எழுதிவிடுவார்கள். அன்றாடப் பதிவு போடும் எழுத்தருக்கு அது தெரியாது. சர்வீஸ் சென்டர் பில் வரும்போதெல்லாம் பழக்கம்போல 'ரிப்பேர் மற்றும் பராமரிப்பு' தலைப்பில் செலவு எழுதுவார். ஒதுக்கு தொட்டுப் பார்க்கப்படாமல் அப்படியே நிற்கும், செலவு இலாப நட்டக் கணக்கில் இரண்டாம் முறை ஏறும். கண்டுபிடிப்பது சுலபம்: சர்வீஸ் வேன் தினமும் ஓடுகிறது, ஒதுக்குக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

எதிர்த்திசைத் தவறு கொஞ்சம் தந்திரமானது. ஒதுக்கில் பணம் இருக்கிறதே என்று மற்ற செலவுகளையும் அதில் தள்ளுவது. லாரியில் வரும்போது நசுங்கியவை, டீலர் கடையில் காட்சிக்கு வைத்துக் கெட்டவை, ஏன், தொழிற்சாலையின் சொந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்தது வரை. எதற்காக ஒதுக்கினோமோ அதற்கு மட்டுமே பற்று வைக்க வேண்டும் என்று தரநிலை கறாராகச் சொல்கிறது. இந்த வருஷ நட்டத்தை மறைக்கப் பழைய வருஷத்தின் ஒதுக்கு ஒரு வசதியான சந்து. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனியானால் வாசகரே இதை முகர்ந்துவிடலாம். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் ஒதுக்கின் தொடக்க இருப்பு, சேர்த்தது, பயன்படுத்தியது, பயன்படாமல் திருப்பியது, இறுதி இருப்பு என்று ஐந்து வரிகள் இருக்கும். நல்ல வருஷங்களில் தாராளமாகச் சேர்த்து, லாபம் சறுக்கிய வருஷத்தில் மட்டும் பெரிய தொகையைத் திருப்பியிருந்தால், கெட்டுப்போனது கிரைண்டர் அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

மதிப்பீடு நேர்மையாகச் செய்தும் பொய்த்துப்போவது உண்டு. நம் கம்பெனி 2022-23-இல் 22,000 கிரைண்டர் விற்றது. அதே 45 ரூபாய் வீதம் 9,90,000 ஒதுக்கியது. நடுவில், விலை குறைவு என்று வேறு ஒருவரிடம் கண்டென்சர் வாங்கியிருந்தார்கள். அது 6,000 கிரைண்டர்களுக்குள் போய்விட்டது. ஜனவரி முதல் ஜாப் கார்டுகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நூற்றுக்கு ஐந்து வரவேண்டிய சின்னப் பழுது, அந்தச் சீரியல் எண்களில் மட்டும் இருபதாகும் போலிருக்கிறது. கூடுதலாக 900 கிரைண்டர், 300 ரூபாய் வீதம் 2,70,000. இதைத் தெரிந்துகொண்ட வருஷத்திலேயே ஒதுக்கில் ஏற்ற வேண்டும், மொத்தம் 12,60,000. ரிப்பேர் இன்னும் நடக்கவில்லையே என்று காத்திருக்க இடமில்லை. கண்டென்சர் விற்றவர் நஷ்டஈடு தருவதாகச் சொல்லியிருக்கிறாரே, அதைக் கழித்துக்கொள்ளலாமா? வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு கம்பெனியுடையது, அது குறையாது. நஷ்டஈடு வருவது ஏறக்குறைய உறுதி என்றால் மட்டும், அதைத் தனிச் சொத்தாக மறுபக்கம் காட்டலாம்.

இந்தக் கண்டென்சர் கதையை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கினால் மைக்ரோசாஃப்ட் 2007-இல் நின்ற இடம் கிடைக்கும். 2005 நவம்பரில் அது எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் முதலில் தந்த வாரண்டி 90 நாள்தான். 90 நாள் வாரண்டிக்குப் போடும் ஒதுக்கு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று ஊகிக்கலாம். பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. கூடவே புகார்களும் வந்தன. பெட்டியின் முகப்பில் பச்சையாக எரிய வேண்டிய வளையத்தின் மூன்று பகுதிகள் சிவப்பாக எரிந்தால் பெட்டி செத்துவிட்டது என்று பொருள். போட்டு, அணைத்து, மறுபடி போடும்போது சிப் சூடேறி ஆறி, உள்ளிருக்கும் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. 90 நாளில் தெரியாத பழுது, ஒரு வருஷத்தில் தெரிந்தது. 2006 டிசம்பரில் வாரண்டியை ஒரு வருஷமாக்கினார்கள். போதவில்லை. 2007 ஜூலை 5 அன்று, மூன்று சிவப்பு விளக்குப் பழுதுக்கு மட்டும் வாங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து ரிப்பேர் செய்தவர்களுக்கு அதைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள்.

அதற்காக எழுதிய செலவு 106 கோடி டாலர். உதிரிபாகமும் கூலியும் மட்டும் அல்ல அது. அப்போது அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பீட்டர் மூர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில், ஏறத்தாழ 24 கோடி டாலர் கூரியர் செலவுக்கே போனது என்றார். பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துவர ஒரு பார்சல், திருப்பி அனுப்ப ஒரு பார்சல். கிரைண்டர் கணக்கில் மெக்கானிக்கின் பெட்ரோலைச் சேர்க்க மறக்கும் எழுத்தருக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

இதில் ஒரு தேதி விசேஷமானது. மைக்ரோசாஃப்டின் நிதியாண்டு ஜூன் 30-ஆம் தேதி முடிகிறது. அறிவிப்பு ஜூலை 5. ஆனால் 106 கோடி டாலரும் ஜூன் 30-ஓடு முடிந்த வருஷத்தின் கணக்கிலேயே ஏறியது. பழுது புதிதாக ஜூலையில் முளைக்கவில்லை. ஜூன் 30-க்குள் விற்று, வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்குள் அது ஏற்கெனவே இருந்தது. ஜூலை அறிவிப்பு அதை ஊரறியச் சொன்னது மட்டுமே.

கடைக்காரர் பில் போடும்போது 'இன்னும் 600 ரூபாய் கொடுத்தால் கூடுதலாக ஒரு வருஷம் வாரண்டி' என்பாரே, அது இந்தக் கணக்கில் வராது. அது தனியாக விற்ற சேவை. வாங்கிய 600 ரூபாய் அன்றைய வருமானமே அல்ல, முன்பணம். கம்பெனி வாரண்டி முடிந்து அந்தக் கூடுதல் வருஷம் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வருமானமாகும். ரிப்பேர் செலவும் அப்போதுதான் எழுதப்படும். ஒதுக்கு அங்கே கிடையாது.

2023 நவம்பர். தீபாவளிக்கு மறுநாள். முதலில் பார்த்த அதே வீட்டில் அதே கிரைண்டர் மறுபடி நிற்கிறது. இந்த முறை மோட்டார் காயில். பில் தேதியிலிருந்து இரண்டு வருஷமும் இரண்டு வாரமும் ஆகிவிட்டன. வீட்டுக்கார அம்மா, 'பண்டிகைக்கு முன்னாடியே சத்தம் வந்துச்சு தம்பி, அரைக்கிற அவசரத்துல கவனிக்கல' என்கிறார். மெக்கானிக் கம்பெனிக்கு போன் போடுகிறார். மேலாளர், 'போகட்டும், மாத்திக் குடுத்துருங்க' என்கிறார். 1,500 ரூபாய். ஒதுக்குக் கணக்கில் அந்த வருஷக் கிரைண்டர்களின் பெயரில் இன்னும் லட்சத்துக்கு மேல் இருக்கிறது. எடுத்துக் கழிக்கக் கை நீளும். ஆனால் ஜாப் கார்டில் மெக்கானிக் பில் தேதியைச் சரியாக எழுதி, 'வாரண்டி இல்லை' கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். எழுத்தர் அந்த 1,500-ஐ விற்பனை மேம்பாட்டுச் செலவு என்று அந்த வருஷ இலாப நட்டக் கணக்கில் எழுதுகிறார்.